பால்கனித் தண்ணீர் சுவரில் வழியாமல் இருக்க: வாட்டம், அவுட்லெட், டைல்ஸ் ஓரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலம் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுபவர்களும், கட்டி முடித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களும் என்னிடம் கேட்டவை இவை. கொத்தனார்கள் பேசும் நூல் கணக்கிலேயே எழுதுகிறேன்: 8 நூல் ஓர் அங்குலம்.

போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம், அதுக்குள்ள பால்கனிக்குக் கீழ கோடு கோடா கறை. பெயின்ட் மட்டமா?

பெயின்ட்டைத் திட்டிப் பயனில்லை. கறையின் நிறத்தைப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். கறுப்பாக, மேலிருந்து கீழே கோடு இழுத்த மாதிரி இருந்தால், பால்கனியின் மேல் விழுந்த தண்ணீர் ஓரத்தைத் தாண்டி வழிகிறது என்று பொருள். தூசியும் பாசியும் சேர்ந்த கறுப்பு அது. வெள்ளையாக, தொட்டால் சொரசொரவென்று சுண்ணாம்பு படிந்த மாதிரி, டைல்ஸுக்கும் ஸ்லாபுக்கும் நடுவிலிருந்து கிளம்பினால் அது வேறு தண்ணீர். டைல்ஸுக்கு அடியில் தங்கி, கலவையிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வருவது.

இன்னும் சந்தேகமாக இருந்தால் மழை நின்று இரண்டு நாள் கழித்து ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். மேல் தண்ணீர் என்றால் ஒரு வெயிலில் காய்ந்திருக்கும். இன்னும் ஈரமாக இருந்தால் அடித் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஆனால் மேஸ்திரிகள் யோசிப்பது மேல் தண்ணீரை மட்டும்தான்.

டைல்ஸுக்கு அடியில எப்படி தண்ணி போகும்? கிரவுட் எல்லாம் போட்டாச்சே.

கிரவுட் தண்ணீரைத் தடுக்கும் பொருள் இல்லை, இடைவெளியை நிரப்பும் பொருள். சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும், அதிலும் நம் ஊர் சித்திரை வெயிலில் காய்ந்து சாயங்காலம் இடிமழையில் சட்டென்று குளிரும்போது மயிரிழை விரிசல் விடும். எப்பாக்ஸி போட்டால் குறையும், நிற்காது. கைப்பிடிக் கம்பிக்குத் துளை போட்ட இடம், சுவரோரம், வாசல்படியோரம் என்று தண்ணீருக்கு வேறு வழிகளும் இருக்கின்றன.

ஆகவே டைல்ஸுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். டைல்ஸின் மேல் மட்டும் வாட்டம் கொடுத்து, அடியில் ஸ்லாப் சமமாக இருந்தால், உள்ளே போன தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அது ஸ்லாப் மேலேயே படுத்துக் கிடந்து, கிடைத்த ஓரத்தில் வெளியேறும். முதலில் வாட்டக் கலவை, அதன் மேல் வாட்டர்புரூஃப் பூச்சு, அதன் மேல் டைல்ஸ். இந்த வரிசையில் போனால் இரண்டு தண்ணீரும் ஒரே திசையில் ஓடும். பூச்சு சுவரில் அரை அடியாவது மேலேற வேண்டும், வாசல்படிக்கு அடியிலும் போக வேண்டும். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வாட்டம் எவ்வளவு குடுக்கணும்? 'லேசா குடுத்திருக்கேன்'னு சொல்றார் மேஸ்திரி.

'லேசா' என்பது அளவு இல்லை. அடிக்கு ஒரு நூல், அதற்குக் கீழே போகவே கூடாது. நூற்றுக்கு ஒன்று என்று என்ஜினீயர்கள் சொல்வதற்குக் கிட்டத்தட்ட சமம் அது. சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ் என்றால் அடிக்கு ஒன்றரை நூல் கொடுங்கள், மேடு பள்ளத்தில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். இரண்டு நூலுக்கு மேல் போனால் நாற்காலி ஆடும், நடக்கும்போது காலுக்குத் தெரியும்.

கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டடி ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த பக்கம் இரண்டு நூல் கனமுள்ள ஒரு துண்டை அடியில் கொடுத்தால் குமிழி நடுவில் வர வேண்டும், அவ்வளவுதான். நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்க பால்கனி 12க்கு 4. ஓட்டை எந்த மூலையில வைக்கிறது?

மூலையில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று ஒரு வீட்டின் கதையோடு சொல்கிறேன், கணக்கு கொஞ்சம் நீளம்.

கன்னங்குறிச்சியில் ஒரு வீடு, முதல் மாடி, இதே 12 அடி நீளம், 4 அடி அகலம். கட்டி மூன்று வருடம். கீழே சன்னல் மேல் வரைக்கும் வெள்ளைக் கறை, ஹால் சுவரின் உள்பக்கம் பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்கிறது. அவுட்லெட் இடது முன்மூலையில். நான் போனபோது மழை நின்று நாலு நாள் ஆகியிருந்தது, மேலே எலும்பு காய்ந்த மாதிரி காய்ந்திருந்தது. ஒரு டைல்ஸைப் பெயர்த்து அடியிலிருந்த மணல் கலவையை எடுத்துப் பார்த்தால் புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடி நிற்கிறது, தட்டினால் உதிர்கிறது. நாலு நாள் கழித்து! டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் மொத்த நீளத்துக்கும் சேர்த்து மூன்று நூல்தான் வாட்டம்.

மேஸ்திரி சோம்பேறி என்று வீட்டுக்காரர் நினைத்தார். அப்படி இல்லை, அவரால் கொடுக்க முடியவில்லை. கணக்கைப் பாருங்கள். சுவரிலிருந்து முன்னோரத்துக்கு 4 அடி, அடிக்கு ஒன்றரை நூல் என்றால் 6 நூல். முன்னோரத்தில் வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு 12 அடி, அடிக்கு ஒரு நூல் என்றால் 12 நூல். ஆக, அவுட்லெட்டை விட வலது பின்மூலை 18 நூல் உயர வேண்டும். அவுட்லெட் வாயில் வாட்டக் கலவை 6 நூல் கனமாவது இருக்க வேண்டும், அதற்கு மெல்லியதாகப் போட்டால் பொரிந்துவிடும். டைல்ஸும் ஒட்டும் பசையும் சேர்ந்து 4 நூல். கூட்டினால் 28 நூல், மூன்றரை அங்குலம். அந்த வீட்டில் ஹால் தரையை விட பால்கனி ஸ்லாப் இறங்கியிருந்தது மூன்று அங்குலம், 24 நூல். முறைப்படி வாட்டம் கொடுத்தால் அந்த மூலையில் பால்கனி ஹாலை விட அரை அங்குலம் மேலே வந்துவிடும்! அதனால் மனிதர் 'லேசாக' கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் ஓட்டையை முன்னோரத்தின் நடுவுக்கு மாற்றினோம். இப்போது ஓரத்தில் தண்ணீர் ஓடும் தூரம் இரண்டு பக்கமும் 6 அடிதான், அதற்கு 6 நூல். சுவரிலிருந்து வர இன்னொரு 6. இரண்டு பின்மூலைகளும் 12 நூல் உயர்ந்தால் போதும். 12, அவுட்லெட் வாயில் 6, டைல்ஸுக்கு 4, மொத்தம் 22. கையிலிருந்த 24க்குள் அடங்கிவிட்டது. அந்த வீட்டில் கதவும் நடுவில்தான் இருந்தது, அதிர்ஷ்டம். கதவுக்கு நேரே உயரம் 16 நூல்தான் வருகிறது, அதாவது ஹால் தரையை விட முழு அங்குலம் தாழ்வு. கதவு உங்கள் வீட்டில் ஓரத்தில் இருந்தால் வாசல்படிக்கு ஒரு கிரானைட் பட்டையை முக்கால் அங்குலமாவது தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வெளியே நீட்டிய ஸ்லாபில் பாரத்தைத் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது, அதிலும் சுவரோரம்தான் இழுவை அதிகம். புதிய ஓட்டையைச் சுவரோரம் போடவே கூடாது. முன்னோரத்தில் போடுவதற்கும் என்ஜினீயரைக் கூப்பிட்டு, கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இரண்டு கம்பிக்கு நடுவில் கோர் மெஷினில் வெட்டினோம். சுத்தியல், உளி, பிரேக்கர் எதுவும் ஸ்லாபைத் தொடக் கூடாது.

2க்கு 4 டைல்ஸ் வாங்கி வச்சுட்டோம், போடலாமா?

தரை ஒரே பக்கமாகச் சாய்ந்தால் போடலாம். மேலே சொன்ன வீட்டில் தரை இரண்டு பலகைகள் மாதிரி, நடுவில் ஒரு கோட்டில் சேர்கிறது. சுவரிலிருந்து அவுட்லெட்டுக்கு வரும் அந்தக் கோட்டில் டைல்ஸ் ஜாயின்ட் வந்தால் போதும், குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. நாலு பக்கத்திலிருந்தும் ஒரு புள்ளிக்குச் சாய்த்தால்தான் சிக்கல். பெரிய டைல்ஸ் வளையாது, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், தூக்கின மூலைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும். அதற்கு ஓரடி டைல்ஸ்தான் சரி.

ஜாயின்ட்டே இல்லாமல் ஒட்ட வைக்கும் பழக்கம் ஹாலோடு நிற்கட்டும். வெயில் படும் பால்கனிக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுவரோரத்தில் மூன்று நூல் இடம் விட்டு பியு சீலன்ட் நிரப்பினால் ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.

பைப் எத்தனை இஞ்ச்? ரெண்டு இஞ்ச் போதும்கிறார் பிளம்பர்.

தண்ணீர் அளவுக்குப் பார்த்தால் 48 சதுர அடிக்கு இரண்டு அங்குலமே போதும், பிளம்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் பால்கனி ஓட்டை தண்ணீரால் நிரம்புவதில்லை. வேப்பிலை, துணிக் கிளிப், செம்பருத்திப் பூ, துடைப்பக் குச்சி, இவைதான் அடைக்கின்றன. மூன்று அங்குலம் போடுங்கள். மேல் மாடிப் பால்கனித் தண்ணீரை உங்கள் பால்கனியில் கொட்டவிடாதீர்கள், தனிப் பைப்பில் இறங்கட்டும்.

அளவை விட முக்கியம் பைப்பின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது. கன்னங்குறிச்சி வீட்டில் பழைய பைப் ஸ்லாபுக்கு மேல் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. டைல்ஸ் மேல் ஓடிவரும் தண்ணீர் அதில் விழும், அடியில் வரும் தண்ணீர் பைப்பின் வெளிச்சுவரில் முட்டி நின்றுவிடும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டின மாதிரி. அடித் தண்ணீர் கடைசியில் பைப்புக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாகக் கீழ் சீலிங்கில் இறங்கியது.

புதிய பைப்பை இப்படி வைத்தோம்: ஓட்டையைச் சுற்றி இருந்த இடுக்கைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, வாட்டர்புரூஃப் பூச்சைப் பைப்பின் வாய்க்குள்ளேயே மடக்கி இறக்கினோம். டைல்ஸ் மட்டம் வரை வரும் மேல் துண்டின் பக்கவாட்டில், பூச்சின் மட்டத்துக்குச் சமமாக ஆறு சிறு துளைகள் போட்டு, கலவை போய் அடைக்காமல் சுற்றிலும் ஒரு கைப்பிடி கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி. அடித் தண்ணீர் அந்த ஜல்லி வழியாகத் துளைக்குள் போய்விடும். ஒரு கைப்பிடி ஜல்லி என்ன பெரிய வேலை என்று கொத்தனார் சிரித்தார், இருக்கட்டும். பைப் வாயை மூடும் ஜாலியை டைல்ஸை விட ஒரு நூல் தாழ்வாகப் பதியுங்கள்.

கீழ பைப் இறக்க இடமில்ல. சின்ன ஸ்பவுட் வச்சு வெளிய விட்டா போதாதா?

விடலாம், நீளமும் சாய்வும் இருந்தால். சுவரைத் தாண்டி அரை அடியாவது நீட்ட வேண்டும், வெளிமுனை தாழ்ந்திருக்க வேண்டும். கன மழையில் எந்த ஸ்பவுட்டும் தண்ணீரைத் தூர வீசும், பிரச்சினை தூறலில். டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றும்போது பால் டம்ளரின் வெளிப்பக்கமாகவே வழிந்து மேசையில் ஊற்றிக்கொள்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. மெதுவாக வரும் தண்ணீர் பைப்பின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டு திரும்பிச் சுவருக்கு வரும். மட்டமாக வைத்த ஸ்பவுட் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பாசி வால் தொங்குவது இதனால்தான்.

இதற்கு ஒரு மலிவான வழி, ஸ்பவுட்டின் முனையில் ஒரு கப்ளிங்கை மாட்டிவிடுவது. பின்னால் ஊர்ந்து வரும் தண்ணீர் கப்ளிங்கின் பின்விளிம்பு வரை வரும், அங்கே படி இறங்கின மாதிரி இருப்பதால் மேலே ஏற முடியாமல் சொட்டிவிடும். சரி, எங்கே சொட்டுகிறது என்றும் பாருங்கள், பக்கத்து வீட்டு ஏசி மேல் விழுந்தால் அது தனிக் கதை.

ஓரத்துல கிரானைட் மோல்டிங் வச்சா அழகா இருக்குமே?

அழகாக இருக்கும், சுவரும் நனையும். உருண்டையான விளிம்பில் தண்ணீருக்குப் பிரிய இடமே கிடைக்காது, வளைவைத் தடவிக்கொண்டே அடிப்பக்கம் போய், அங்கிருந்து சுவருக்குப் போகும். தண்ணீர் சொட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு கூரான கீழ்விளிம்பு வேண்டும், அல்லது அடியில் ஒரு காடி வேண்டும்.

மோல்டிங் வேண்டுமென்றே அடம்பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பூசின முகப்பிலிருந்து ஓர் அங்குலம் வெளியே நீட்டி, கடையிலேயே அடிப்பக்கம் காடி வெட்டி வாங்குங்கள். விளிம்பிலிருந்து நாலு நூல் உள்ளே, மூன்று நூல் அகலம், இரண்டு நூல் ஆழம். ஒட்டும்போது அந்தக் காடியில் பசையோ கலவையோ இறங்கி அடைத்துவிடும், ஆணியால் ஒருமுறை கீறிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டைல்ஸை முகப்புக்குச் சமமாக வெட்டி, முகப்பிலும் டைல்ஸ் ஒட்டி, நடுவில் கிரவுட் பூசும் முறை இருக்கிறது பாருங்கள், அது பார்க்கச் சுத்தமாக இருக்கும். அடித் தண்ணீர் வந்து முட்டும் இடமே அதுதான், இரண்டே மழைக்காலத்தில் முகப்பு டைல்ஸ் கழன்று விழும்.

எனக்குப் பிடித்தது ஓரத்தில் நாலு அங்குலக் கட்டைச்சுவர் எழுப்புவது. தண்ணீர் ஓரத்துக்கே போகாது. கட்டையின் மேல் வைக்கும் கல் உள்பக்கம் சாய்ந்திருக்கட்டும், வெளியே சாய்ந்தால் அதன் தூசியெல்லாம் முகப்பில்தான் இறங்கும். கட்டை வைத்தால் ஒன்று கட்டாயம்: அவுட்லெட் அடைத்துக்கொண்டால் பால்கனி தொட்டியாகிவிடும். வாசல்படி மட்டத்துக்குக் கீழே கட்டையில் ஒரு ஓவர்ஃப்ளோ பைப் போடுங்கள். அது ஒழுகுகிறது என்றால் ஜாலியைச் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டது.

ஸ்லாபுக்கு அடியில டிரிப் மோல்டே விடல. இப்ப வெட்டலாமா?

தண்ணீர் சொட்டுவதற்கான அந்தக் காடியை அடியில் இருக்கும் சிமென்ட் பூச்சில் வெட்டலாம், காங்கிரீட்டில் வெட்டக் கூடாது. கீழ்ப்பக்கக் கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட் பல இடங்களில் அரை அங்குலம் கூட இருக்காது. அடிப்பூச்சு மெல்லியதாக இருந்தால் வெட்டாமல், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு பிவிசி அல்லது அலுமினிய எல்-ஆங்கிளைப் பசையில் ஒட்டிவிடுங்கள், தொங்கும் விளிம்பில் தண்ணீர் சொட்டிவிடும். காடியோ ஆங்கிளோ, எதுவானாலும் சுவரில் முட்டும்வரை கொண்டு போகாமல் இரண்டு அங்குலம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். சுவர் வரை போனால் தண்ணீரை நாமே கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் விட்ட மாதிரி.

பழைய டைல்ஸ் மேலயே வாட்டம் குடுத்துப் புது டைல்ஸ் ஒட்டிடலாமா?

வேண்டாம். இரண்டு அங்குலக் கலவை சதுர அடிக்கு ஏறத்தாழ 10 கிலோ. 48 சதுர அடிக்கு அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபின் மேல். அடியில் இருக்கும் ஈரமும் அப்படியே சிறைப்பட்டுவிடும். பழையதை எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஏற்காட்டுல வீடு. அங்க ஏதாவது வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது. சேலத்தில் நனைந்த சுவர் மறுநாள் காய்ந்துவிடும், மேலே பனிமூட்டத்தில் வாரக்கணக்கில் காயாது. இங்கே இரண்டு வருடத்தில் வரும் கறை அங்கே ஒரே மழைக்காலத்தில் பச்சையாக வந்துவிடும். வாட்டத்தை அடிக்கு ஒன்றரை நூலாகவே வைத்துக்கொள்ளுங்கள். காப்பித் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் சில்வர் ஓக் இலை பெரிய தொல்லை, தட்டையான ஜாலி மேல் நாலு இலை ஈரத்தோடு ஒட்டினால் மூடி போட்ட மாதிரிதான். குமிழ் மாதிரி எழும்பி நிற்கும் ஜாலி வாங்குங்கள். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், வாட்டர்புரூஃப் பூச்சு ஈரக் காற்றில் சீக்கிரம் காயாது.

வேலை முடிஞ்சதும் எப்படி செக் பண்றது?

மூன்று தடவை. வாட்டக் கலவை போட்டதும் ஒரு கோலிக்குண்டை நாலு மூலையிலிருந்தும் விட்டுப் பாருங்கள், எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே பள்ளம். வாட்டர்புரூஃப் காய்ந்ததும் ஓட்டையை அடைத்து, உயர்ந்த இடத்திலும் ஓர் அங்குலம் நிற்கும்படி தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழ் சீலிங்கைப் பாருங்கள். ஓரத்தில் கட்டை இல்லாவிட்டால் கலவையால் தற்காலிகக் கரை கட்டிக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டின பிறகு இந்தச் சோதனை செய்து பிரயோஜனமில்லை, ஒழுகினால் உடைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, எல்லாம் முடிந்த பிறகு. துணிக்குப் போடும் நீலத்தை ஒரு குடம் தண்ணீரில் கலந்து சுவரோரமாக மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். கன்னங்குறிச்சி வீட்டில் அப்படிப் பார்த்தபோது எல்லாம் பைப்பில் இறங்கியது, வலது ஓரத்தில் மட்டும் ஒரு நீலச் சொட்டு கல்லின் காடியைத் தாண்டி உள்ளே ஓடியது. ஏறிப் பார்த்தால், கட்டைவிரல் நீளத்துக்குக் காடியில் பசை அடைத்திருந்தது. ஆணியால் கீறினோம், அடுத்த குடத்துக்கு அங்கேயே சொட்டியது.